சமனில்லாத டெல்டா லோட்: லைன் கரண்டுக்கு √3 ஏன் ஒத்துவரவில்லை?

கொக்குவில் மாணவி:
400 V, R-Y-B வரிசை. டெல்டாவில் RY-க்கு இடையில் 40∠0° Ω, YB-க்கு இடையில் 50∠30° Ω, BR-க்கு இடையில் 80∠-30° Ω. பேஸ் கரண்ட் 10, 8, 5 ஆம்பியர் என்று வந்தது. √3 ஆல் பெருக்கினால் 17.3, 13.9, 8.7. ஆனால் விடைத்தாளில் 14.55, 17.40, 7.00 என்று இருக்கிறது. எங்கே பிழை?

சுன்னாகம் வயர்மன்:
தங்கச்சி, டெல்டா என்றால் √3 தான். 17.40 உங்கள் 17.3-க்குப் பக்கத்தில் நிற்கிறது, பாருங்கோ. விடைத்தாளில் R-ஐயும் Y-ஐயும் மாற்றி அச்சடித்துவிட்டார்கள் போல.

பருத்தித்துறை எஞ்சினியர்:
விடைத்தாள் சரி. 17.3-உம் 17.40-உம் தற்செயலாகத்தான் கிட்ட வந்திருக்கின்றன. ஒரு லைனில் ஓடுவது, அந்த முனையில் சேரும் இரண்டு பேஸ் கரண்டுகளின் வித்தியாசம். இரண்டும் ஒரே அளவாக, 120° விலகி இருந்தால் மட்டுமே அந்த வித்தியாசம் √3 மடங்காகும். இங்கே அளவும் வேறு, கோணமும் வேறு.

வோல்டேஜின் கோணத்திலிருந்து இம்பீடன்ஸின் கோணத்தைக் கழித்தால் கரண்டின் கோணம் கிடைக்கும். RY வோல்டேஜை 0° என்று வைத்தால் YB வோல்டேஜ் -120°, BR வோல்டேஜ் 120°. ஆகவே YB-க்கு -120-30, அதாவது -150°. BR-க்கு 120+30 = 150°. பிறகு x, y கூறுகளாகப் பிரித்துக் கழியுங்கள்:

```
Iry = 10∠0°    = 10
Iyb = 8∠-150°  = -6.93 - j4
Ibr = 5∠150°   = -4.33 + j2.5

IR = Iry - Ibr =  14.33 - j2.5  -> 14.55 A
IY = Iyb - Iry = -16.93 - j4    -> 17.40 A
IB = Ibr - Iyb =   2.60 + j6.5  ->  7.00 A
```

மூன்றையும் கூட்டிப் பாருங்கள், பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு குறி மாறியிருக்கிறது. பெரும்பாலும் IR-இல் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டியிருப்பீர்கள்.

சுன்னாகம் வயர்மன்:
14.55, 17.40, 7. கூட்டினால் 39-க்குக் கிட்ட வருகிறது. கிளாம்ப் மீட்டரில் பூச்சியத்தை நான் கண்டதில்லை.

பருத்தித்துறை எஞ்சினியர்:
ஒவ்வொரு வயராகப் பிடித்தால் அளவு மட்டும்தான் தெரியும், அண்ணை. மூன்று வயரையும் ஒன்றாகக் கிளாம்புக்குள் விடுங்கோ. நியூட்ரல் இல்லாத லோட், எர்த்துக்குக் கசிவும் இல்லை என்றால் மீட்டர் பூச்சியத்துக்குக் கிட்டத்தான் காட்டும்.

அச்சுவேலி மில்:
என்னுடைய மில் மோட்டாரிலும் 11, 11, 14 என்று காட்டுகிறது. அதுவும் டெல்டாதான். இதே கணக்குத்தானே?

பருத்தித்துறை எஞ்சினியர்:
இல்லை. மோட்டாரின் மூன்று சுற்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டியவை. உங்களுக்கு சப்ளை வோல்டேஜ் சமனில்லாமல் இருக்கலாம், அல்லது சுற்று பழுதாகியிருக்கலாம். மெயினை நிறுத்திவிட்டு, மூன்று வயரையும் ஒவ்வொரு இடம் தள்ளி மாட்டச் சொல்லுங்கள், சுழலும் திசை மாறாது. 14 ஆம்பியர் சப்ளை வயரோடு போனால் சப்ளையில் கோளாறு. மோட்டாரின் அதே முனையிலேயே நின்றால் மோட்டாரில்.

கொக்குவில் மாணவி:
நன்றி. கேள்வியில் R-Y-B வரிசை என்று ஏன் எழுதியிருக்கிறார்கள்? பேஸ் கரண்டின் அளவு எப்படியும் 10, 8, 5 தானே?

சுன்னாகம் வயர்மன்:
வரிசை மோட்டாருக்குத்தான் முக்கியம். ஹீட்டருக்கு எந்த வயரை எங்கே மாட்டினாலும் ஒன்றுதான். நான் மாட்டிப் பார்த்தவன்.

பருத்தித்துறை எஞ்சினியர்:
ஹீட்டர் மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. மூன்று இம்பீடன்ஸின் கோணமும் ஒன்றாக இருந்தால், வரிசை மாறினாலும் லைன் கரண்டின் அளவு மாறாது. இங்கே ஒன்று தனி ரெசிஸ்டர், ஒன்றில் காயில், ஒன்றில் கெப்பாசிட்டர். லோடுக்கு வரும் இரண்டு வயரை மாற்றினால் YB வோல்டேஜ் +120°, BR வோல்டேஜ் -120° ஆகும்:

```
Iry = 10    Iyb = j8    Ibr = -j5

IR =  10 + j5 -> 11.18 A
IY = -10 + j8 -> 12.81 A
IB = -j13     -> 13.00 A
```

லோடில் எதையும் தொடவில்லை. ஆனாலும் B முனையின் கரண்ட் 7-இலிருந்து 13 ஆகிவிட்டது.

கொக்குவில் மாணவி:
ஓ, B-யில் இரண்டும் நேரெதிராக வந்ததால் 5-உம் 8-உம் அப்படியே கூடிவிட்டன!

சுன்னாகம் வயர்மன்:
சரி, கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேபிள் போடப் போகிறவன் கோணம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பெரிய பேஸ் கரண்டை √3 ஆல் பெருக்கிவிட்டால் பயமில்லை.

பருத்தித்துறை எஞ்சினியர்:
இந்தக் கேள்வியிலேயே அது தவறுகிறது. 10 × √3 = 17.32, உண்மையில் ஓடுவது 17.40. வித்தியாசம் சிறிதுதான், ஆனால் அது மேல் எல்லை இல்லை என்பதற்கு இது போதும். கோணம் தெரியாவிட்டால் முனையில் சேரும் இரண்டு கரண்டையும் நேராகக் கூட்டுங்கள்: 10 + 8 = 18. எந்த வரிசையிலும் அதைத் தாண்டாது.

சுன்னாகம் வயர்மன்:
அப்படிக் கூட்டினால் சாதாரண சம லோடுக்கும் 17.3-க்குப் பதில் 20 என்று வரும். வீணாகத் தடித்த கேபிளுக்குக் காசு கொடுக்க யார் சம்மதிப்பார்கள்?