‘பின்’ செய்த கருத்து: தமிழில் எப்படிச் சொல்வது?

செல்வி:

குழுவினருக்கு வணக்கம். யூடியூப் சேனல் நடத்தும் மகளிர் குழுக்களுக்காக ஒரு கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

உதாரணத்துக்கு என் கதையையே வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவது பற்றி ஒரு வீடியோ போட்டிருந்தேன். நாளைக்கு நாற்பது பேர் பார்த்தால் அதிகம். ஒரு செவ்வாய் இரவு யாரோ வாட்ஸப்பில் சுற்றவிட, விடிவதற்குள் அறுபதாயிரம். சந்தோஷப்பட நேரமில்லை. முதல் கருத்தே, “25 கிராம் போட்டோம், கண்ணெல்லாம் எரியுது.”

நான் சொன்னது ரெண்டரை. திரையிலும் 2.5 என்றுதான் போட்டிருந்தேன். ஆனால் வெள்ளைத் தொட்டிமேல் மஞ்சள் எழுத்து. போனில் பார்த்தால் நடுப்புள்ளி தெரியவே இல்லை. சத்தத்தை அணைத்துப் பார்த்தவர்களுக்கெல்லாம் அது 25.

உடனே ஒரு விளக்கம் எழுதி எல்லாக் கருத்துக்கும் மேலே நிற்கும்படி ‘பின்’ செய்தேன். இந்தச் செயலைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘பின் செய்த கருத்து’ என்று எழுதினால், பிறகு செய்த கருத்து என்று படிக்கிறார்கள்.

சண்முகம்:

பின் எண்ணுக்குக் ‘கடவெண்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே அம்மா? புதிதாக எதற்கு?

செல்வி:

ஐயா, இது அந்தப் பின் இல்லை. குண்டூசிப் பின்.

இராமநாதன்:

முன்னால் நிற்பதைப் பின் என்று அழைக்கும் அவலம் தமிழுக்கு மட்டும்தான் வாய்க்கும்.

குண்டூசி என்று போகவேண்டாம். ஊசி பொருளைத் துளைக்கும், இங்கே துளைப்பது எதுவுமில்லை. அவிழ்ந்து ஓடாதபடி ஓரிடத்தில் நிறுத்துவதே கருத்து. அதற்கு நம்மிடம் ‘தறி’ இருக்கிறது. கம்பன் வீட்டுக் கட்டுத்தறி கவிபாடும் என்கிறோமே, அந்தத் தறி. தறித்தல் என்றால் வெட்டுதல். வெட்டி நட்ட கட்டை தறி. நெசவுத் தறியும் நட்ட கால்களால்தான் அப்பெயர் பெற்றது என்பது என் நெடுநாள் எண்ணம். ஆகவே ‘தறிக்கருத்து’. வினையாக்கினால் ‘தறிக்கட்டு’.

ஜாஃபர்:

ஐயா, ஈரோட்டில் போய்த் தறிக்கருத்து என்றால் கூலி உயர்வு பற்றிய கருத்து என்று நினைப்பார்கள்.

சொல் எது என்றாலும் அந்த வசதியின் இயல்போடு ஒத்துப்போகவேண்டும். ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு கருத்தைத்தான் இப்படி நிறுத்தலாம். இன்னொன்றை நிறுத்தினால் பழையது இறங்கிவிடும். ஒருவருக்கு எழுதிய பதிலை நிறுத்த முடியாது, தனிக் கருத்தாகத்தான் எழுதவேண்டும். ஆகவே தறி, முளை, ஆணி எதுவும் சரியில்லை, அவை அசையாதவை. இது நாற்காலி மாதிரி, யாரையும் உட்காரவைத்து எழுப்பலாம். ‘முன்னிறுத்திய கருத்து’ என் பரிந்துரை.

செல்வி மேடம், என்ன எழுதினீர்கள் என்று காட்டுங்கள். அதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

செல்வி:

“அன்பு நெஞ்சங்களுக்கு வணக்கம். இந்த வீடியோவுக்கு நீங்கள் தரும் பேராதரவுக்கு நன்றி. ஒரு சிறு விளக்கம். சிலர் 25 கிராம் என்று தவறாகப் புரிந்துகொண்டுள்ளீர்கள். 25 கிராம் அல்ல, 2.5 கிராம்.”

ஜாஃபர்:

நினைத்தேன். நீளமான கருத்தில் முதல் சில வரிகள்தான் தெரியும், மீதி மடங்கிவிடும். உங்களுடையதில் வணக்கமும் நன்றியும் தெரியும், அளவு உள்ளே ஒளிந்திருக்கும். அப்படியே விரித்தாலும் தவறான எண் இரண்டு முறை, சரியான எண் ஒரு முறை. அதிலும் அதே புள்ளி! தவிர, பார்த்தவர்கள்மேல் பழி போடுகிறீர்கள். புள்ளி தொலைந்தது அவர்களால் இல்லை.

குமரேசன்:

குடிநீர்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் சரியான அளவுதான், தண்ணீர் கலங்கலாக இல்லாமலும் பவுடர் புதிதாகவும் இருந்தால். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். 25 கிராம் போட்டால் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு ஐந்து. போட்டுவிட்டவர் தொட்டியைக் காலிசெய்து புதுத் தண்ணீர் நிரப்பட்டும். இதை ஏன் விளக்கத்தில் எழுதவில்லை?

இன்னொன்று. இவ்வளவு தலைவலிக்குப் பேசாமல் கருத்துப் பகுதியையே மூடிவிடலாமே?

ஜாஃபர்:

முதல் பகுதிக்கு நன்றி ஐயா. இரண்டாவதில் ஒரு சிக்கல். கருத்துப் பகுதியை அணைத்தால் முன்னிறுத்திய விளக்கமும் சேர்ந்து மறைந்துவிடும். இடைநிறுத்தம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் பழையவை தெரியும், புதிதாக யாரும் எழுத முடியாது. இரவு தூங்கப் போகும்போது மட்டும் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

செல்வி:

நான் வேறு வழி எடுத்தேன். “கொலைகாரி”, “விஷம்” என்றெல்லாம் திட்டு குவிந்ததால் அந்தச் சொற்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தேன். அவை வரும் கருத்துகள் என் பார்வைக்காகத் தனியே நின்றுவிடும். அந்தப் பக்கத்தை நான் மறுநாள்தான் திறந்தேன். நாற்பது வசவுக்கு நடுவில் ஒரு கேள்வி: “குழந்தை ஒரு டம்ளர் குடிச்சிட்டா, விஷமாகுமா அக்கா?” ஒரு நாள் முழுக்க அங்கேயே கிடந்திருக்கிறது. மருத்துவரிடம் காட்டச் சொல்லிப் பதில் போட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை.

இராமநாதன்:

‘மட்டுறுத்தல்’ என்ற சொல்லைக் கையேட்டில் கண்டிப்பாகச் சேருங்கள். மட்டு என்றால் அளவு, அளவுக்கு உட்படுத்துவது.

செல்வி:

சேர்த்தேன் ஐயா. படித்துக்காட்டியபோது, “யாருக்கு உறுத்துது?” என்று கேட்டார்கள். என் அனுபவத்தில் அதுவும் பொருத்தம்தான். ‘வடிகட்டல்’ என்று மாற்றிவிட்டேன்.

இராமநாதன்:

உறு வேறு, உறுத்தல் வேறு. காபிக்கும் கருத்துக்கும் ஒரே சொல்லா? இருபது ஆண்டுகளாக இணையத்தில் புழங்கும் சொல் அது.

ஜாஃபர்:

இதில் நான் ஐயா பக்கம். வடிகட்டினால் சக்கையைக் கொட்டிவிடுவோம். இங்கே சக்கைக்குள்தான் அந்தத் தாயின் கேள்வி இருந்தது. நிறுத்திவைத்ததை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்ற பொருள் வடிகட்டலில் வராது.

செல்வி:

சரி, மட்டுறுத்தல். அடுத்த வீடியோவுக்கு ‘பின்தொடர் காணொளி’ என்று எழுதியிருந்தேன். மறுபடியும் பின்!

சண்முகம்:

காணொளியா, காணொலியா? அதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஜாஃபர்:

வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை அச்சு.

‘மறுவிளக்க வீடியோ’ போதும். பழைய முகவரியிலேயே புதுக் கோப்பை மாற்றிவைக்க யூடியூப் விடாது. அந்தத் துண்டை வெட்டலாம். ஆனால் வருமானப் பங்கு இல்லாத சேனல் என்றால் ஒரு லட்சம் பார்வையைத் தாண்டியபின் வெட்டியதைச் சேமிக்க முடியாமல் போகலாம். நீங்கள் அறுபதாயிரத்தில் இருந்தபோதே வெட்டியிருக்கவேண்டும்.

செல்வி:

இப்போது ஒன்றரை லட்சம். அதனால்தான் புதிதாகவே எடுத்தேன். மூன்று நாள் பொறுத்து, கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். அதிகம் கேட்டது, “எத்தனை ஸ்பூன்?” சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. 25 கிராம் நிறுத்துப் பத்துப் பங்காகப் பிரித்துக் காட்டலாம் என்று இருந்தேன்.

குமரேசன்:

கணக்கு சரிதான் அம்மா. ஆனால் திரும்பவும் 25 திரையில் வரும்!

செல்வி:

படம் பிடித்தபிறகுதான் உறைத்தது. 20 கிராமை எட்டாகப் பிரித்து மறுபடி எடுத்தேன். திரையில் எண்ணே இல்லை, ‘இரண்டரை கிராம்’ என்று எழுத்தில். அதன் இணைப்பைப் பழைய வீடியோவின் விளக்கத்தில் சேர்த்தேன். இப்போது அங்கே மேலே நிற்பது இதுதான்:

“இரண்டரை கிராம் மட்டும், 1000 லிட்டருக்கு. திரையில் புள்ளி தெரியாதது என் தவறு. அதிகம் போட்டவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் தொட்டியைக் காலிசெய்து நிரப்புங்கள். அளக்கும் முறை புது வீடியோவில்.”

சொல்லுக்கு வருகிறேன். ‘முன்னிறுத்திய கருத்து’க்கு எனக்குத் தனியாக வந்த மடல்களையும் சேர்த்து ஐந்து பேர், தறிக்கு ஒருவர். முதல் தடவை மட்டும் ‘முன்னிறுத்திய கருத்து, அதாவது போனில் பின் என்று வருவது’ என எழுதி அனுப்புகிறேன்.

இராமநாதன்:

அனுப்புங்கள். முன்னிறுத்துதல் என்பது தேர்தலில் வேட்பாளருக்குச் செய்வது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும்.

சண்முகம்:

அச்சுக்குப் போய்விட்டதா? அப்படியானால் காணொலிக்கு வருவோம்.