தண்ணீரில் கரைந்தால் கலப்படத் தேனா?

பேரட்டி_வாசி: குன்னூர் ரோட்டுக் கடையில 500 மில்லி மலைத்தேன் வாங்கினேன். தண்ணீர்ல விட்டா உடனே கலங்குது. சூப்பர் மார்க்கெட் பிராண்டு அப்படியே அடியில போய் உட்காருது. அப்போ மலைத்தேன்தானே கலப்படம்? நெய்க்கும் இப்படி ஒரு சோதனை இருக்கா?

சரவணன்_பழனி: சந்தேகமே வேண்டாம், சர்க்கரைப் பாகுதான். FSSAI வெளியிட்ட DART கையேட்டிலயே இந்தச் சோதனை இருக்கு. பஞ்சுத்திரியை நனைச்சுக் கொளுத்திப் பாருங்க, படபடன்னு வெடிக்கும்.

தேனடை: சரவணன், கையேட்டில் இருப்பது உண்மைதான். ஆனா இரண்டு சோதனையும் காட்டுவது தேனில் எவ்வளவு தண்ணீர் இருக்கு என்பதை மட்டும்தான். பாறையில் கட்டும் பெருந்தேனீயின் தேனில் ஈரம் 22 முதல் 25 சதவீதம் வரை போகும். மழைக்காலத்துல எடுத்தா இன்னும் நீர்த்திருக்கும். அது தண்ணீரில் கரையும், திரியிலும் வெடிக்கும். மாறா, கெட்டியான அரிசிப் பாகு கல்லு மாதிரி அடியில் இறங்கும்.

இன்னொண்ணு, குளிர். ஊட்டியில் காலை நேரம் நூல் மாதிரி இறங்குற அதே தேன், மேட்டுப்பாளையம் வெயில்ல பரவிடும்.

சரவணன்_பழனி: 20 சதவீதத்துக்கு மேல ஈரம் இருக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லுதே. அப்போ அது குறைபாடுள்ள தேன்தானே?

தேனடை: தரம் குறைவு வேற, கலப்படம் வேற. 2020-ல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதிச்சப்போ, இங்கே வழக்கமா செய்யும் சோதனைகளில் பெரும்பாலானவை தேறின. ஜெர்மனி ஆய்வகத்தில் என்.எம்.ஆர்.ங்கிற நுட்பமான சோதனை பண்ணினப்போதான் பல மாட்டுச்சு. ஆய்வகச் சோதனைக்கே டிமிக்கி கொடுக்கும் பாகை ஒரு கிளாஸ் தண்ணீர் எப்படிப் பிடிக்கும்?

வீட்டில் செய்ய உருப்படியா ஒண்ணு இருக்கு: எடை. காலி பாட்டிலை எடை போட்டு, 500 கிராம் தண்ணீர் ஊத்தி மட்டத்தில் கோடு போடுங்க. நல்லாத் துடைச்சுக் காய வெச்சு, அதே கோடு வரை தேன் ஊத்தி, நுரை அடங்கினதும் எடை போடுங்க. 20 சதவீத ஈரத் தேன் சுமார் 700 கிராம் இருக்கும். நீர்த்த மலைத்தேன் 685 பக்கம் வரும். சாதாரணச் சர்க்கரைப் பாகு 665-ஐத் தாண்டுவது கஷ்டம், அதுக்கு மேல காய்ச்சினா ஆறினதும் சீனி கட்டும். 5 மில்லி பிசகினாலே 7 கிராம் மாறும், அதனால சின்ன பாட்டில்ல செய்யாதீங்க. அரிசிப் பாகை இதுவும் பிடிக்காது.

கொடை_மீனா: கொடைக்கானல்ல வாங்கின என் தேன் பாட்டில் முழுக்கச் சீனி மாதிரி உறைஞ்சு போச்சு. பாதி கொட்டிட்டேன். சர்க்கரை கலந்திருக்காங்கன்னு புகார் கொடுக்கலாமா?

தேனடை: கொட்டியிருக்க வேண்டாம் அக்கா. குளுக்கோஸ் அதிகமா உள்ள தேன் 14 டிகிரி வாக்கில் வேகமா உறையும், கொடைக்கானலில் அந்தக் குளிர் சாதாரணம். 40 டிகிரி வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினா இளகிடும். அடுப்பில் வைக்காதீங்க.

வெண்ணெய்த்தாழி: நெய்யைப் பத்தி யாரும் சொல்லலையே. உள்ளங்கையில் வெச்சா உருகணும், அவ்வளவுதான்.

தேனடை: வனஸ்பதியிலும் உடம்புச் சூட்டுக்கு உருகுற ரகம் இருக்கே. மணல் மணலா இருக்கிறதும் சாட்சி இல்லை, மெதுவா ஆறினா மத்த கொழுப்பும் அப்படி ஆகும். ஊட்டிக் குளிரில் நல்ல நெய்யும் மொத்தமா இறுகிடும். அயோடின் விட்டு நீலமானா கிழங்கு மாவு, அதை நம்பலாம். ஆனா அப்படிக் கலக்கிறவங்க குறைவு.

விலைதான் நல்ல துப்பு. ஒரு கிலோ நெய்க்குக் குறைஞ்சது 1.2 கிலோ வெண்ணெய் வேணும். அதே கடையில் வெண்ணெய் விலையை 1.2-ஆல் பெருக்குங்க. நெய் அதுக்கு ரொம்பக் கீழே இருந்தா கேள்வி கேளுங்க.

வெண்ணெய்த்தாழி: மொத்தமா வாங்கிக் காய்ச்சுறவனுக்கு வெண்ணெய் அந்த விலைக்கா வருது? அடக்கம் குறையும் தம்பி.

தேனடை: அது சரிதான். அதனாலதான் 'ரொம்ப'ன்னு சொன்னேன். பழனி அடிவாரத்தில் மலிவா விற்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, 'விளக்கேற்ற மட்டும்'னு பொடி எழுத்தில் இருக்கும். அதைச் சமையலுக்கு எடுக்காதீங்க. 14 இலக்க உரிம எண்ணை foscos.fssai.gov.in-ல் போட்டுப் பெயர், முகவரி பொருந்துதான்னு பார்க்கலாம். ஆள் உண்மையான்னு தெரியும், பொருள் தெரியாது.

பேரட்டி_வாசி: எடை போட்டேன். மலைத்தேன் 686, பிராண்டு 708.

சரவணன்_பழனி: 686-ன்னா பாகும் தேனும் கலந்ததா இருக்கலாமே!

தேனடை: இருக்கலாம், மறுக்க மாட்டேன். பிராண்டின் 708-ம் தூய்மைக்குச் சாட்சி இல்லை. மலைத்தேனை ஃப்ரிட்ஜில் வெச்சுச் சீக்கிரம் தீருங்க, அந்த ஈரத்துக்கு நுரைச்சுப் புளிக்கும். உறுதியா தெரியணும்னா, அடுத்த தடவை வாங்கும்போதே பகுப்பாய்வுக்கு அனுப்பப் போறேன்னு கடைக்காரரிடம் சொல்லிட்டு வாங்குங்க. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40-ஆம் பிரிவு வாங்குறவருக்கே அந்த உரிமையைக் கொடுக்குது. கட்டணம் உங்களது, தப்பு நிரூபணமானா திரும்பக் கிடைக்கும்.