[கலைச்சொல்] rc-க்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

கயல்விழி, திங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

கிட்டுக்கான ஒரு வரைகலைக் கருவியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலையோடு சரங்களைப் பூட்டிவிடுவார்கள். மிச்சம் இருப்பது டேக் பட்டியல் சாளரம் மட்டும்தான். அதில் வரிசைக்கு இரண்டு தேர்வுகள் உண்டு, பெயர்ப்படி ஒன்று, வெர்ஷன்படி ஒன்று. இவற்றை 'அகரவரிசை', 'பதிப்பு வரிசை' என்று போட்டிருக்கிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

சிக்கல் மூன்றாவது. ரிலீஸ் கேண்டிடேட்களைப் பட்டியலில் காட்டாமல் விடும் ஒரு பொத்தான். பழைய தமிழாக்கத்தில் அது 'வெளியீட்டு வேட்பாளர்களை மறை' என்று இருக்கிறது. இதைப் பார்த்த ஒருவர், கருவிக்குள் தேர்தல் ஏதும் நடக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறார். வேறு சொல் தாருங்கள்.

இளங்கோவன், திங்கள்

அன்பு கயல்விழிக்கு,

வேட்பாளர் என்ற சொல்லில் குற்றமில்லை. 'வேள்' என்ற வேர் விருப்பத்தைக் குறிப்பது. வேட்கையும் அதன் வழி வந்ததே. ஆனால் மென்பொருள் எதை விரும்பும்? விரும்புவது உயர்திணைச் செயல். அஃறிணைக்கு 'ஆளர்' விகுதி கொடுத்தால் வாசகர் சிரிக்கத்தான் செய்வார்.

மூலச்சொல்லைப் பாருங்கள். இலத்தீனில் அது வெண்மையைச் சுட்டுவது. உரோமில் பதவிக்கு நின்றவர்கள் வெண்ணிற மேலாடை உடுத்தி வந்ததால் அப்பெயர். நம்மிடமோ 'வெள்ளோட்டம்' இருக்கிறது! அங்கும் வெள், இங்கும் வெள். தேரைச் செய்து முடித்து, விழாவுக்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வெள்ளோட்டம். 'வெள்ளோட்டப் பதிப்பு' என்று ஆளலாம் என்பது என் முன்மொழிவு.

நாசர், செவ்வாய்

ஐயா சொன்ன சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் இத்தனை பொத்தான் எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. பதிப்பு வரிசை என்று ஒன்று போட்டாலே `v1.10.0-rc1` தானாக `v1.10.0`-க்கு முன்னால் வந்துவிடுமே? நடுவில் இருக்கும் கோடு எழுத்துகளுக்கு முந்தியதுதானே. தேவையில்லாத சரத்துக்குச் சொல் தேடுகிறோமோ?

சரவணன், செவ்வாய்

நாசர், பாதி சரி. கோடு எழுத்துகளுக்கும் எண்களுக்கும் முந்தியதுதான். ஆனால் இங்கே கோட்டோடு போட்டியிடுவது எழுத்து இல்லை, வெறுமை. `v1.10.0` முடிந்துவிடுகிறது, மற்றது தொடர்கிறது. அகராதியில் 'கல்' முடிந்த பிறகுதானே 'கல்வி' வரும்? அதே கதை. ஒரு சின்னக் களஞ்சியத்தில் ஓட்டிப் பாருங்கள்:

```
$ git tag
v1.10.0
v1.10.0-rc1
v1.10.0-rc2
v1.2.0
v1.9.0

$ git tag --sort=v:refname
v1.2.0
v1.9.0
v1.10.0
v1.10.0-rc1
v1.10.0-rc2
```

முதல் பட்டியலில் 10-ஐ ஒரு எண்ணாகப் பார்க்கவே இல்லை. 1 என்ற எழுத்து 2-க்கு முந்தியது, அவ்வளவுதான். இரண்டாவதில் எண்கள் எண்களாகிவிட்டன, ஆனால் rc இரண்டும் முழு வெளியீட்டுக்குப் பின்னால் போய் நிற்கின்றன. `-rc` என்றால் 'இதற்கு முந்தியது' என்று கிட்டுக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்:

```
$ git -c versionsort.suffix=-rc tag --sort=v:refname
v1.2.0
v1.9.0
v1.10.0-rc1
v1.10.0-rc2
v1.10.0
```

பீட்டாவும் இருந்தால் `-beta`, `-rc` என்று அதே அமைப்பை இரண்டு முறை கொடுக்கலாம். எதை முதலில் கொடுக்கிறோமோ அது முதலில் வரும்.

கயல், சொல்லைப் பற்றி எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. வெள்ளோட்டத்துக்கு என் ஓட்டு.

முருகேசன், செவ்வாய்

டேக் என்பதற்குக் 'குறிச்சொல்' என்று பல தளங்களில் புழங்குகிறதே. ஒரு கட்டுரைக்கு எத்தனை குறிச்சொல் வேண்டுமானாலும் போடலாம். அவற்றை அகர வரிசையில் அடுக்குவதுதான் வாசகருக்கு எளிது. இதில் பதிப்பு எங்கிருந்து வந்தது?

கயல்விழி, செவ்வாய்

முருகேசன் அண்ணா, இது கட்டுரைக் குறிச்சொல் இல்லை. நிரலின் ஒரு குறிப்பிட்ட நிலைக்கு வைக்கும் பெயர். நிரல் வளர்ந்துகொண்டே போகும், டேக் வைத்த இடத்திலேயே நிற்கும். 'குறிச்சொல்' என்றால் இப்படி ஒரு குழப்பம் வரும் என்றுதான் கருவியில் 'டேக்' என்றே விட்டேன்.

இளங்கோவன், செவ்வாய்

'டேக்' என்றே விட்டீர்களா! அதற்குத் தனி மடல் எழுதுகிறேன்.

பிரியா, செவ்வாய் இரவு

நான் வகுப்பெடுக்கும் கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன், தலைப்புக்குப் பொருந்தும். ஆய்வகச் சர்வரில் ஒரு கருவியின் புதிய பதிப்பைத் தானாக நிறுவ ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. `git tag | tail -n 1` என்று கடைசி டேக்கை எடுக்கும். `v1.9.0` வரை ஒழுங்காக ஓடியது. `v1.10.0` வந்த பிறகும் பழையதையே நிறுவிக்கொண்டிருந்தது. பக்கத்தின் அடியில் இருக்கும் பதிப்பெண்ணைப் பார்த்து ஒரு மாணவிதான் கேட்டாள்.

யாரோ `--sort=v:refname` சேர்த்தார்கள். அடுத்த நாள் அதே இடத்தில் `v1.10.0-rc2`! முழு வெளியீடு வந்துவிட்ட பிறகும் அதற்கு முந்தையது ஏறி உட்கார்ந்திருக்கிறது. சரவணன் காட்டிய இரண்டாவது பட்டியலின் கடைசி வரிதான் அது என்று இன்றுதான் புரிகிறது. `versionsort.suffix` போட்டால் தீர்ந்துவிடுமா?

சரவணன், புதன்

பாதிதான் தீரும், பிரியா. `v1.10.0` வந்த பிறகு சரியாக அதையே எடுக்கும். ஆனால் நாளை `v1.11.0-rc1` வந்து, முழு வெளியீடு இன்னும் வராத இரண்டு வாரத்தில் பட்டியலின் கடைசி எது? அந்த rc1-தான். வரிசை அப்போதும் சரியாகவே இருக்கும், மாணவர்களுக்குப் போவது மட்டும் முடிவாகாத ஒன்று. அதனால் உங்களுக்கு வேண்டியது வடிகட்டுவது:

```
git tag --sort=v:refname | grep -v -e '-rc' | tail -n 1
```

பீட்டா வைப்பவர்கள் என்றால் அதையும் சேர்த்து விலக்குங்கள்.

நாசர், அந்தப் பொத்தான் ஏன் தனியாக இருக்கிறது என்பதற்கும் இதுவே விடை. சரியான இடத்தில் அடுக்குவது ஒரு வேலை, இது இன்னும் முடிவாகவில்லை என்று பிரித்துக் காட்டுவது வேறு வேலை.

இளங்கோவன், புதன்

இந்தப் பெயர்களைப் பார்த்ததும் பகுபத உறுப்பிலக்கணம் நினைவுக்கு வந்தது. `v1.10.0-rc1` என்பதில் 1.10.0 பகுதி. கோடு சந்தி. rc இடைநிலை, ஏனெனில் காலம் காட்டுவது அதுதானே! இறுதியில் நிற்கும் 1 விகுதி. முதலில் உள்ள v-க்கு மட்டும் நன்னூலார் இடம் வைக்கவில்லை.

இவ்வளவு தமிழாக இருப்பதில் இடைநிலை மட்டும் ஏன் அயலாக இருக்க வேண்டும்? `v1.11.0-வெள்ளோட்டம்1` என்றே டேக் வைக்கலாமே? கிட் ஏற்காதா?

சரவணன், புதன்

ஏற்கும் ஐயா. கிட் மறுப்பது சில குறிகளைத்தான். டெபியன்காரர்கள் பதிப்பெண்ணில் `1.10.0~rc1` என்று அலைக்குறி போடுவார்கள். அவர்கள் கணக்கில் அலைக்குறி வெறுமைக்கும் முந்தியது, அதனால் தனியாக ஒன்றும் சொல்லாமலே rc முன்னால் போய்விடும். அழகான ஏற்பாடு. ஆனால் கிட் டேக்கில் அந்தக் குறிக்கு அனுமதி இல்லை. ஆக, உங்கள் 'சந்தி' எது என்பதில்தான் பாதி வரிசை அடங்கியிருக்கிறது.

தமிழ் டேக்கில் சிக்கல் வேறு இடத்தில். 'வெள்ளோட்டம்' என்பதில் உள்ள ளோ-வைக் கவனியுங்கள். ஓகாரக் குறியை U+0BCB என்று ஒரே குறியாகவும் எழுதலாம், U+0BC7, U+0BBE என்று ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கிட் பார்ப்பது பைட்டுகளை. அமைப்பில் முதல் வகையில் எழுதியிருந்து, குழுவில் ஒருவருடைய விசைப்பலகை இரண்டாவது வகையில் அடித்தால், அவர் வைத்த டேக் மட்டும் பின்னொட்டோடு பொருந்தாமல் முழு வெளியீட்டுக்குப் பின்னால் போய் நிற்கும். ஏன் என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

இளங்கோவன், புதன்

அப்படியானால் `-வெள்` என்று சுருக்கிக்கொள்ளலாம். எகரக் குறி பிளவுபடாதே.

சரவணன், புதன்

அது பிளவுபடாது, உண்மைதான். ஆனால் rc என்ற எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கும் கருவிகள் வெளியே நிறைய. பைத்தான் பொதிகளில் a, b, rc என்பவைதான் முன்வெளியீட்டுக்கு ஏற்ற வடிவங்கள். டேக்கில் இருப்பது அப்படியே இருக்கட்டும் ஐயா, திரையில் அதைப் பற்றிப் பேசும்போது தமிழில் பேசலாம்.

இன்னொன்று. பத்தாவது rc வரை போகிறவர்கள் `-rc.10` என்று புள்ளி வைப்பது நல்லது. `rc10`-ஐ கிட் எண்ணாகப் பார்த்து `rc2`-க்குப் பின்னால் வைக்கும். செம்வெர் விதிப்படி அது எண்ணும் எழுத்தும் கலந்த ஒரே துண்டு, எழுத்தாகவே ஒப்பிட வேண்டும், ஆகவே `rc2`-க்கு முன்னால். புள்ளி இருந்தால் இரு தரப்பும் ஒத்துப்போகும்.

நாசர், வியாழன்

ஓட்டிப் பார்த்துவிட்டேன், சரவணன் சொன்னதுபோலத்தான் வருகிறது. ஆனால் 'வெள்ளோட்டம்' மேல் எனக்கு இப்போது சந்தேகம். எங்கள் குழுவில் பீட்டாவைத்தான் வெள்ளோட்டம் என்கிறோம். பயனருக்குப் புரிய வேண்டும் என்றால் 'ஆர்சி' என்றே எழுதிவிடலாம். டேக்கில் அவர் பார்ப்பதும் அதுதானே.

பிரியா, வியாழன்

பீட்டாவும் rc-யும் ஒன்றில்லை, நாசர். பீட்டாவில் இன்னும் அம்சங்கள் மாறலாம். rc என்றால் வேலை முடிந்துவிட்டது, பிழை ஒன்றும் அகப்படாவிட்டால் இதுவே வெளியீடு. ஐயா சொன்ன தேர் உவமை rc-க்குத்தான் பொருந்துகிறது, பீட்டாவுக்கு இல்லை. ஆனால் மாணவர்களிடம் வெறும் 'வெள்ளோட்டம்' என்றால் அவர்கள் நாசர் பக்கம்தான் போவார்கள்.

இளங்கோவன், வியாழன்

தேரை அரைகுறையாக வைத்துக்கொண்டு யாரும் வெள்ளோட்டம் விடுவதில்லை. சொல்லைப் பீட்டாவுக்குக் கொடுத்தவர்கள்தான் திருத்திக்கொள்ள வேண்டும். 'ஆர்சி' என்று எழுதுவதற்குக் கலைச்சொல் குழு எதற்கு?

கயல்விழி, வெள்ளி காலை

நேரமாகிவிட்டது, இப்படிப் போடுகிறேன். பொத்தானில் 'முன்வெளியீடுகளை மறை'. பீட்டா, rc இரண்டையும் அது மறைக்கும் என்று நிரலைப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன், ஆகவே பொதுச்சொல்லே போதும். rc டேக்குக்குப் பக்கத்தில் வரும் சிறு விளக்கத்தில் மட்டும் 'வெள்ளோட்டப் பதிப்பு (rc)'. rc இல்லாதவற்றுக்கு 'இறுதிப் பதிப்பு' என்றிருந்ததை 'முழு வெளியீடு' என்று மாற்றிவிட்டேன், `v1.10.0`-க்குப் பின் `v1.10.1` வரும்போது எது இறுதி என்ற கேள்வி எழக்கூடாது.

நாலு பேர் சரி என்றால் போதும்.

சரவணன், வெள்ளி

சரி.

பிரியா, வெள்ளி

சரி.

நாசர், வெள்ளி

சரி. எங்கள் குழுவில் பீட்டாவுக்கு வேறு சொல் தேட வேண்டியதுதான்.

இளங்கோவன், வெள்ளி

'முன்வெளியீடு' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. முன்பு வெளியானது என்றும் பொருள்படும். அப்படிப் படிப்பவர் `v1.9.0`-ஐத்தான் மறைக்கிறோம் என்று நினைப்பார். மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கயல்விழி, வெள்ளி மாலை

பதிவு செய்துகொண்டேன் ஐயா. சரங்கள் பூட்டியாயிற்று. அடுத்த சுற்றில் 'டேக்'.