ஒரே ஃபேன் ஹெட்டரில் நான்கு விசிறிகள்: மின்னோட்டக் கணக்கில் உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். தக்கலையில் நான் நடத்தும் டிடிபி கடையின் கணினியில், ஒவ்வொன்றிலும் 12 வோல்ட், 0.30 ஆம்பியர் என்று அச்சிடப்பட்ட நான்கு விசிறிகளை, மதர்போர்டின் CHA_FAN1 ஹெட்டரில் ஸ்ப்ளிட்டர் வழியாக இணைக்க எண்ணியிருந்தேன். கையேட்டில் அந்த ஹெட்டருக்கு 1 ஆம்பியர், அதாவது 12 வாட் என்றே வரம்பு குறிக்கப்பட்டிருப்பதால், நான்குக்கும் சேர்த்து வரும் 1.2 ஆம்பியர் அதைத் தாண்டிவிடுகிறது. மூன்று விசிறிகளுக்கு 0.9 ஆம்பியர்தான், ஆனால் சுழலத் தொடங்கும் கணத்தில் விசிறி கூடுதலாக இழுக்கும் என்பதால், அதுவும் பாதுகாப்பாக எனக்குத் தோன்றவில்லை.

சாட்டா இணைப்பின் வழியே பவர் சப்ளையிலிருந்து மின்சாரம் எடுத்து, ஹெட்டரிலிருந்து வேகக் கட்டுப்பாட்டுச் சமிக்ஞையை மட்டும் பெறும் ஹப்பே சரியென நினைக்கிறேன். லேபிளில் உள்ளது தொடக்க மின்னோட்டமா, முழு வேகத்தில் ஓடும்போது எடுப்பதா என்பதை, மல்டிமீட்டரை 12 வோல்ட் கம்பியில் தொடராக இணைத்து அளந்து பார்த்தவர்கள் விளக்குமாறு வேண்டுகிறேன்.