36 பேர், 3 மேசை: டேபிள் டென்னிஸ் சுழற்சியில் பிள்ளைகள் சும்மா நிற்கிறார்கள்

விசில்_40
வகுப்பில் 36 பேர், மேசை மூன்று, பீரியட் 40 நிமிடம். ஆறு பேராக ஆறு குழு பிரித்து, மூன்று மேசை, மூன்று தரைப் பயிற்சி என்று வரிசையாகச் சுற்றவிட்டேன். விசில் அடித்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்வதால் பெரிய கூச்சல். மேசையில் இரண்டு பேர் ஆட, நான்கு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். சுவரில் அடிப்பவர்களுக்குப் பந்து திரும்பி வருவதே இல்லை. எங்கே மாற்றலாம்?

மூலைப்பந்து
இரட்டையர் ஆட்டம் வையுங்கள் சார். ஒரு மேசைக்கு நாலு பேர் ஆச்சு.

காற்றுவாக்கில்
எங்களுக்கு மேசை வெளியே கிடக்கிறது. காற்றில் பந்து பறந்துவிடுகிறது. கனமான பந்து கிடைக்குமா?

பழைய_ரப்பர்
நாலு பேர் என்பது சரி, இரட்டையர் வேண்டாம். அதில் ஜோடி மாறி மாறி அடிக்க வேண்டும். புதுப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள், அடியும் பாதியாகும். இரண்டு பந்து கொடுங்கள். ஒரு ஜோடி ஃபோர்ஹேண்ட் மூலைக்கு மூலை, இன்னொரு ஜோடி பேக்ஹேண்ட் மூலைக்கு மூலை. நடுவில் பந்துகள் இடித்துக்கொள்வது அபூர்வம். மூன்றாவது ஜோடி ஆளுக்கு ஒரு முனையில் பந்து பொறுக்கட்டும்.

வரிசைச் சுழற்சியை விடுங்கள். ஒவ்வொரு மேசைக்கும் பக்கத்திலேயே ஒரு தரைப் பயிற்சியை இணைத்து, அந்த இரண்டு குழு மட்டும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். ஆறு முறை, 30 நிமிடம். ஒரு குழுவுக்கு மேசை மூன்று தடவை வரும். ஒவ்வொரு தடவையும் வேறு ஜோடி பொறுக்கினால், எல்லோருக்கும் 10 நிமிட ஆட்டம் கிடைக்கும். தரைப் பயிற்சியை அடுத்த வகுப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், முதல் வகுப்பில் சர்வீஸ் சொல்லித்தராதீர்கள். நேரத்தைத் தின்பது அதுதான். பந்தை மேசையில் விட்டு, எழும்பியதும் மெதுவாக அடித்துத் தொடங்கட்டும். காதைக் கொடுத்துக் கேளுங்கள்: டக் டக் சத்தம் நாலைந்து அடிக்குள் நின்றுகொண்டே இருந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

விசில்_40
இது புரிகிறது. சுவர்?

பழைய_ரப்பர்
மேசை 76 செ.மீ., வலை 15.25 செ.மீ. ஆக, சுவரில் சுமார் 91 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு. அதற்குச் சற்று மேலே அடித்து, பந்து தரையில் ஒருமுறை குத்தி எழும்பிய பிறகு மறுபடி அடிக்கட்டும். தரை மண்ணாக இருந்தால் பந்து எழும்பாது; அப்போது சுவரை விட்டுவிட்டு, பேட்டின் இரண்டு பக்கத்திலும் மாற்றி மாற்றித் தட்டச் சொல்லுங்கள். காற்றுக்காரருக்கு: கனப்பந்து தேடாதீர்கள், எழும்புவது மாறிவிடும். மேசையைச் சுவர் மறைவுக்கு நகர்த்திப் பாருங்கள்.

மூலைப்பந்து
இடக்கைக்காரர் ஒருவர் மட்டும் இருந்தால்? ஃபோர்ஹேண்ட் மூலையில் நின்றாலும் அவருக்கு அது பேக்ஹேண்ட் ஆகிவிடுகிறதே.

பழைய_ரப்பர்
ஆமாம். நான் வலக்கைக்காரரை எதிரே நேராக நிறுத்தி ஆடவிடுவேன். ஆனால் பக்கத்து ஜோடியின் பந்து குறுக்கே வந்துவிடுகிறது. யாராவது இதைவிட நல்ல வழி வைத்திருந்தால் சொல்லுங்கள்.

விசில்_40
என் வகுப்பில் இடக்கைக்காரர் மூன்று பேர். இருவரை ஒரே குழுவில் சேர்த்துப் பார்க்கிறேன், மூன்றாமவர்தான் சிக்கல்.