300 எம்பிபிஎஸ் போட்டும் பிங் ஏன் 400க்கு ஏறுகிறது?

தறிக்காரன்:
100 எம்பிபிஎஸ் திட்டத்திலிருந்து 300க்கு மாறினேன். ஸ்பீட் டெஸ்டில் 290 வருகிறது. ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் வேலரன்ட் ஆடினால் 30 இருக்கும் பிங் திடீரென 400க்குப் போகிறது. ஊர் சென்னை, சர்வர் மும்பை. கூடுதலாகக் காசு கட்டியும் ஏன் இப்படி?

வேகராஜா:
வீட்டில் எத்தனை பேர், எத்தனை போன், டிவி என்று எண்ணிப் பாருங்கள் ப்ரோ. எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் 300 பத்தாது. 500 போடுங்கள். நான் 50லிருந்து 200க்கு மாறினேன், மாலை நேர லேக் அன்றைக்கே நின்றுவிட்டது.

கடலோடி:
500 போட்டால் அவருக்குக் காசுதான் கரையும். கேம் ஆட ஒன்றிரண்டு எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தேவையில்லை. டவுன்லோட் வேகம் என்பது ஒரு நொடியில் எவ்வளவு டேட்டா வந்து சேர்கிறது என்ற கணக்கு. பிங் என்பது ஒரு சின்ன பாக்கெட் சர்வர் வரை போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்ற கணக்கு. ஃபைபரில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல், போய்வர 10 மில்லிசெகண்ட் ஆகியே தீரும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் கருவிகளும் இருக்கின்றன, அதனால் 25, 30 என்று வருவது சரியான அளவு. எந்தத் திட்டம் போட்டாலும் 10க்குக் கீழே இறங்காது.

ஆக 30 பிரச்சினை இல்லை, 30 எப்படி 400 ஆகிறது என்பதுதான் பிரச்சினை. தறிக்காரன், உங்கள் அப்லோட் வேகம் எவ்வளவு? எட்டு மணிக்கு வீட்டில் யார் என்ன செய்கிறார்கள்? கணினியை ரவுட்டரில் வயர் போட்டு இணைத்து, கீழே உள்ள இரண்டு கட்டளைகளையும் தனித்தனி ஜன்னலில் ஓடவிட்டு, லேக் வரும் நேரத்தில் எந்த எண் ஏறுகிறது என்று பாருங்கள். முதலாவது உங்கள் ரவுட்டர், அதன் முகவரி வேறாக இருந்தால் அதைப் போடுங்கள். இரண்டாவது வெளியே இருக்கும் கூகுள் சர்வர்.

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது ஏறினால் கோளாறு வீட்டுக்குள். முதலாவது 1, 2 என்று நின்று இரண்டாவது மட்டும் ஏறினால் ரவுட்டரைத் தாண்டிப் போகும் இடத்தில்.

தேன்மொழி:
எனக்கும் இதே பிரச்சினைதான். டொராண்டோவிலிருந்து திருநெல்வேலிக்கு அம்மாவோடு வீடியோ கால் பேசுகிறேன், படம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது, ஆனால் நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து இருவரும் நிறுத்தி மறுபடியும் மோதிக்கொள்கிறோம். மைக் மாற்றினால் சரியாகுமா?

வேகராஜா:
உங்கள் அம்மா வீட்டில் நெட் வேகம் கம்மி, அதுதான்.

கடலோடி:
வேகம் கம்மியாக இருந்தால் முதலில் படம்தான் மங்கும், கட்டம் கட்டமாக உடையும். அவருக்குப் படம் தெளிவாக இருக்கிறதே. தேன்மொழி, மைக் காரணமில்லை. அவ்வளவு தூரத்துக்குப் போய்வரவே 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். அதன்மேல், ஒழுங்கில்லாமல் வரும் குரல் பாக்கெட்டுகளைச் சீராக ஒலிக்கச் செய்ய கால் செயலி அவற்றைக் கொஞ்சம் பிடித்துவைத்துத்தான் விடும். பாக்கெட் ஒன்று 30, அடுத்தது 120 என்று தாறுமாறாக வந்தால் இன்னும் அதிகமாகப் பிடித்துவைக்கும், தாமதம் கூடும். தொலைபேசிக் குரலுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் பரிந்துரை இருக்கிறது. அதைத் தாண்டத் தாண்ட எதிரில் இருப்பவர் பேசி முடித்தாரா என்று கணிக்க முடியாமல் போகிறது. தூரத்தை நீங்கள் குறைக்க முடியாது. ஆனால் இரண்டு பக்கமும் வைஃபையை விட்டு வயரிலோ, ரவுட்டருக்குப் பக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸிலோ இணைந்தால் அந்தத் தாறுமாறு குறையும், மோதலும் கொஞ்சம் குறையும்.

கேமில் இப்படிப் பிடித்துவைக்க அதிக இடமில்லை. எதிரி எங்கே நிற்கிறான் என்ற தகவலைப் பிடித்துவைத்து நிதானமாகக் காட்டினால் அதற்குள் அவன் சுட்டுவிடுவான். அதனால்தான் 30க்கும் 120க்கும் நடுவில் துள்ளும் இணைப்பைவிட 70இல் அசையாமல் நிற்கும் இணைப்பில் ஆடுவது எளிது.

தறிக்காரன்:
பார்த்துவிட்டேன். ரவுட்டர் 1, 2 தாண்டவில்லை. 8.8.8.8 மட்டும் 28லிருந்து 380, 410 என்று ஏறுகிறது. தங்கை வேலை முடிந்து வந்ததும் அவள் போன் படங்களையும் வீடியோவையும் தானாக கிளவுடுக்கு ஏற்றுகிறது. அதை நிறுத்தினால் உடனே 28. அப்லோட் வேகம் 20 எம்பிபிஎஸ்தான். லோக்கல் ஆபரேட்டர், டவுன்லோடை மட்டும்தான் கூட்டிக் கொடுத்திருக்கிறார்.

கடலோடி:
அதேதான். போன் ரவுட்டருக்கு வைஃபையில் வேகமாக அனுப்புகிறது, ரவுட்டர் வெளியே 20இல்தான் தள்ள முடியும், மீதி வரிசையில் நிற்கிறது. அந்த வரிசை ஒரு மெகாபைட் என்றால் அது 8 மெகாபிட், 20ஆல் வகுத்தால் 0.4 நொடி. உங்கள் 400 இதுதான். நீங்கள் சுட்ட தகவலும் தங்கையின் படங்களுக்குப் பின்னால் நின்றுதான் வெளியேறுகிறது. டவுன்லோட் 300 ஆனதால் இந்த வரிசைக்கு ஒன்றும் ஆகாது.

வேகராஜா:
அப்படியென்றால் அப்லோட் 100 ஆனால் அதே வரிசை 80 மில்லிசெகண்டில் காலியாகிவிடுமே. வேகம் கூட்டினால் பிங் இறங்கும் என்றுதானே சொன்னேன்?

கடலோடி:
அப்லோட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, உங்கள் 200 திட்டத்தில் அப்லோடும் சேர்ந்து கூடியிருக்கும். ஆனால் 80 என்பதும் 28ஓடு சேர்ந்து 100க்கு மேல். அதோடு கிளவுட் பேக்கப் கிடைக்கிற அப்லோட் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும், 100 கொடுத்தால் 100ஐயும் நிரப்பும். வரிசையையே வளரவிடாமல் வைப்பதுதான் வழி. ரவுட்டரில் இந்த வரிசையைக் கட்டுப்படுத்தும் SQM வசதி இருந்தால் அதில் cake என்ற முறையைத் தேர்ந்து அப்லோடை 18 என்று வையுங்கள், உண்மை வேகத்தில் பத்து சதவீதம் குறைத்து. சின்ன பாக்கெட்டுகளை அது இடையில் புகுந்து போக விடும். அந்த வசதி இல்லையென்றால் தங்கையின் போனுக்கு மட்டும் அப்லோட் வரம்பு 10 போடுங்கள், அல்லது பேக்கப்பை இரவு இரண்டு மணிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

தறிக்காரன்:
என் ரவுட்டரில் SQM இல்லை, போனுக்கு வரம்பு போட்டேன். 400 போய்விட்டது. ஆனால் ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை வீட்டில் யாரும் எதுவும் ஏற்றாமலே 70, 75 நிற்கிறது.

பனங்காடு:
`tracert 8.8.8.8` போட்டுப் பாருங்கள், வழியில் இருக்கும் ஒவ்வொரு கருவியையும் ஒரு வரியாக, அதுவரை ஆகும் நேரத்தோடு காட்டும். மூன்றாவது வரியில் 70 வந்தால் அந்தக் கருவிதான் நெரிசல், ஆபரேட்டரிடம் அதைக் காட்டுங்கள்.

கடலோடி:
ஒரு வரியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் பனங்காடு. நடுவில் இருக்கும் கருவிகள் டிராபிக்கைக் கடத்தும் வேலையைத்தான் முதலில் பார்க்கும், பிங் கேள்விக்குச் சாவகாசமாகப் பதில் சொல்லும். மூன்றாவதில் 70 வந்து அடுத்ததில் 25 என்று இறங்கினால் அங்கே குறையில்லை. மூன்றாவதில் ஏறி கடைசி வரை இறங்காமல் நின்றால்தான் அந்த இடத்தையோ அதற்கு முந்தைய இணைப்பையோ சந்தேகப்படலாம்.

பனங்காடு:
அதுவும் முழுக்கச் சரியில்லை. திரும்பி வரும் பாதை வேறாக இருக்கலாம், அது tracertஇல் தெரியாது. அங்கே நெரிசல் என்றால் நீங்கள் சொன்ன மாதிரி கடைசி வரை 70 காட்டினாலும் மூன்றாவது கருவி நிரபராதி.

தறிக்காரன்:
இன்று மதியம் ஒருமுறை, இரவு பத்துக்கு ஒருமுறை ஓட்டி இரண்டையும் போடுகிறேன். அதற்கு முன் ஆபரேட்டருக்குப் போன் செய்யப்போவதில்லை.