பி.ஐ.பி. கடிதத்தில் 'பொறுப்பில்லை' என்று எழுதலாமா?

புதுத்தலைவர்: வாடிக்கையாளர் உதவிக் குழுவில் ஒருவருக்கு பி.ஐ.பி., அதாவது குறித்த நாளுக்குள் வேலைத்திறனை மேம்படுத்தச் சொல்லும் திட்டக் கடிதம், எழுதியிருக்கிறேன். "பொறுப்பில்லாமல் தாமதமாகப் பதில் தருகிறார், 60 நாளில் திருந்தாவிட்டால் தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்." இது போதுமா?

மனிதவளம்_பழையகை: போதாது. 'பொறுப்பில்லை' என்பது உங்கள் தீர்ப்பு. பதிவில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். உதாரணமாக, கடந்த 8 வாரத்தில் அவருக்கு வந்த 320 டிக்கெட்டில் 200-க்குத்தான் 4 மணி நேரத்துக்குள் முதல் பதில் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதை அப்படியே போடுங்கள். வாரம் 40 டிக்கெட் வந்தால் 34-க்காவது நேரத்தில் பதில் என்று இலக்கு வைக்கலாம். அவர் ஷிப்டில் வந்தவை மட்டும்தான் கணக்கு, எந்த அறிக்கையிலிருந்து எடுப்பீர்கள் என்பதும் கடிதத்திலேயே இருக்க வேண்டும்.

நேர்வழி: இதெல்லாம் வெறும் அலங்காரம் சார். ஆளை அனுப்ப முடிவு பண்ணிய பிறகுதான் இந்தக் காகிதமே வருகிறது, நடுநிலையாக எழுதினால் முடிவு மாறிவிடுமா?

மனிதவளம்_பழையகை: சில இடங்களில் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கடிதத்திலேயே கண்டுபிடிக்கலாம். உதவிப் பகுதியைப் பாருங்கள். "தேவையான பயிற்சி தரப்படும்" என்று மட்டும் இருந்தால் தருவதற்கு யாரும் பொறுப்பில்லை. யார் தருவார், எந்தத் தேதியில், வாரம் எத்தனை மணி நேரம், அதுவரை அவருடைய வேலையில் எதைக் குறைப்பீர்கள் என்று இருந்தால் நிறுவனமும் கட்டுப்படுகிறது. பயிற்சி நான்காவது வாரம்தான் என்றால் முதல் மாத எண்ணை வைத்து அவரை மதிப்பிடக் கூடாது.

கண்ணாடி: அப்ரைசல் கடிதத்தில் சம்பள உயர்வு இல்லை என்று எழுதும்போதும் இதே முறைதானே?

மனிதவளம்_பழையகை: இல்லைங்க, அது முடிந்த வருடத்தைப் பற்றியது, அதை இதோடு கலக்காதீர்கள்.

மழைக்கால்: எனக்குத் தந்த பி.ஐ.பி.யில் வாடிக்கையாளர் மதிப்பெண் 5-க்கு 4.5 வேண்டும் என்றார்கள். வாரத்துக்கு நாலு பேர்தான் மதிப்பெண் போடுவார்கள், அதில் ஒருவர் பணம் திரும்ப வராத கோபத்தில் 1 போட்டால், மற்ற மூன்று பேரும் 5 போட்டாலும் சராசரி 4 தான். பணம் தருவது வேறு பிரிவின் வேலை. அதைவிட மோசம், பாதியில் இன்னொரு இலக்கும் சேர்த்தார்கள்.

மனிதவளம்_பழையகை: அவர் கையில் இல்லாததை இலக்காக வைக்கவே கூடாது. புதிய இலக்கு சேர்த்தால் எழுத்தில் தந்து காலக்கெடுவையும் நீட்டிக்க வேண்டும். புதுத்தலைவர், வாராவாரம் சந்திப்பு, 30-ஆம் நாள் இடைப் பரிசீலனை, 60-ஆம் நாள் இறுதி, எல்லாவற்றுக்கும் இப்போதே தேதி போடுங்கள். சந்திப்பில் பேசியதை அன்றே இரண்டு வரி மின்னஞ்சலாக அவருக்கு அனுப்புங்கள். கையெழுத்துக்கு மேலே, இது பெற்றுக்கொண்டதற்குத்தான், சம்மதத்துக்கு அல்ல என்று எழுதி, அவர் கருத்துக்கும் இடம் விடுங்கள்.

புதுத்தலைவர்: சரி. 'தகுந்த நடவடிக்கை' என்பதை என்ன செய்வது? வேலைநீக்கம் என்று எழுதினால் முதல் நாளே மனம் உடைந்துவிடுவாரே.

மனிதவளம்_பழையகை: எழுதத்தான் வேண்டும். இலக்கை எட்டினால் திட்டம் முடியும், நெருங்கினால் ஒருமுறை நீட்டிப்பு, இல்லையென்றால் பணிமாற்றமோ பணிநீக்கமோ வரலாம். மறைத்துவிட்டு 60-ஆம் நாள் சொல்வது அநியாயம்.

நேர்வழி: இதைப் படித்த அன்றே அவர் வேறு வேலை தேட ஆரம்பிப்பார், அப்புறம் 34 எங்கே வரப்போகிறது?

மழைக்கால்: தேடட்டுமே. எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் தேடவும் நேரம் கிடைக்கவில்லை.